ஆறு லட்சத்தைத் தாண்டும் பில்

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஷோரூமில் வேலைக்குச் சேருகிறவர் கையில் ஒரு கடிதம் கொடுப்பார்கள். சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் முதல் பக்கத்தில் தெளிவாக இருக்கும். இன்சென்டிவ் பற்றிய பகுதி பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் மூன்று நான்கு வரிகளோடு முடிந்துவிடும். மாத விற்பனை 3 லட்சம் ரூபாய் வரை 1 சதவீதம், 3 லட்சத்துக்கு மேல் 6 லட்சம் வரை ஒன்றரை சதவீதம், 6 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 2 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் இரண்டரை சதவீதம். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை அவை மாறும். ஆனால் அட்டவணையின் உருவம் பல ஊர்களில், பல தொழில்களில் இதுதான். ஃப்ரிட்ஜ் விற்பவருக்கும் பைக் விற்பவருக்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கும் இதே படிக்கட்டுதான், படியின் உயரம் மட்டும் வேறு.

பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லாத அட்டவணை போலத் தெரிகிறது. ஆனால் இதே நான்கு வரிகளை வைத்துக்கொண்டு ஒரே மாத விற்பனைக்கு இரண்டு வேறு தொகைகளைக் கணக்கிடலாம். இரண்டு கணக்கும் சரியான கணக்குதான். எந்தக் கணக்கு தனக்குப் பொருந்துகிறது என்பது தெரியாமலேயே வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் கடைகளில் நடக்கும் பல விசித்திரங்களுக்கு வேர் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஆகவே அதையே நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு விற்பனையாளர் ஒரு மாதத்தில் 6,10,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறைப்படி, அவருடைய மொத்தம் எந்த ஸ்லாபில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 6 லட்சத்துக்கு மேல், அதாவது 2 சதவீத ஸ்லாப். அந்த 2 சதவீதம் முழு 6,10,000-க்கும் பொருந்தும். கமிஷன் 12,200 ரூபாய். முதல் ரூபாயிலிருந்து கடைசி ரூபாய்வரை ஒரே விகிதம். இதை இந்தக் கட்டுரையில் முழுத்தொகை முறை என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவது முறையில் ஒவ்வொரு ஸ்லாபுக்குள் வரும் தொகைக்கு அந்தந்த விகிதம் மட்டும். முதல் 3 லட்சத்துக்கு 1 சதவீதம், 3,000 ரூபாய். அடுத்த 3 லட்சத்துக்கு ஒன்றரை சதவீதம், 4,500 ரூபாய். மிச்சம் இருக்கும் 10,000 ரூபாய்க்குத்தான் 2 சதவீதம், அதாவது 200 ரூபாய். ஆக மொத்தம் 7,700 ரூபாய். இதை அடுக்கு முறை எனலாம். வருமான வரி கணக்கிடுவதும் இப்படித்தான். அதிக ஸ்லாபுக்குப் போய்விட்டால் மொத்த வருமானத்துக்கும் அதிக வரி என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே அதிக விகிதம்.

ஒரே ஆள், ஒரே மாதம், ஒரே விற்பனை. ஒரு முறையில் 12,200, இன்னொன்றில் 7,700. வித்தியாசம் 4,500 ரூபாய். நகரத்தில் ஒரு சின்ன வீட்டின் வாடகையில் பாதிக்கு மேல் வந்துவிடும் தொகை இது. வேலைக்குச் சேரும்போது 'ஆறு லட்சத்தைத் தாண்டினால் ரெண்டு பர்சென்ட்' என்று வாயால் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் மனதில் 12,200 பதிகிறது. சொன்னவர் மனதில் 7,700 இருந்திருக்கலாம். முதல் சம்பளம் வரும்போதுதான் இருவரும் வேறு வேறு கணக்குப் போட்டது தெரியவருகிறது.

கடிதத்தில் எதைத் தேட வேண்டும்? 'மாத மொத்த விற்பனைக்கு 2 சதவீதம்' என்று இருந்தால் முழுத்தொகை முறை. '6 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு 2 சதவீதம்' என்று இருந்தால் அடுக்கு முறை. வெறும் அட்டவணை மட்டும் இருந்தால் இரண்டுமாக இருக்கலாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குக் கடிதமே வேண்டாம், ஒரு பழைய சம்பளச் சீட்டு போதும். வாங்கிய கமிஷனை அந்த மாத விற்பனையால் வகுத்து 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை அட்டவணையில் உள்ள விகிதங்களில் ஒன்றாக, பிசிறில்லாமல் 1.5 அல்லது 2 என்று வந்தால் முழுத்தொகை முறை. இரண்டு விகிதங்களுக்கு நடுவில் எங்கோ வந்தால் அடுக்கு முறை. நம் உதாரணத்தில் 7,700-ஐ 6,10,000-ஆல் வகுத்தால் சுமார் 1.26 வருகிறது. அட்டவணையில் அப்படி ஒரு விகிதமே இல்லை. விற்பனை 3 லட்சத்துக்குக் கீழே இருந்த மாதத்தில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் முதல் படியில் இரண்டு முறையும் ஒன்றுதான்.

இனி, எல்லைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். விஷயத்தின் முழுச் சூடும் அங்கேதான் இருக்கிறது. மாதக் கடைசி நாள் சாயங்காலம் அந்த விற்பனையாளரின் மொத்தம் 5,98,000-இல் நிற்கிறது. முழுத்தொகை முறையில் அவர் இருப்பது ஒன்றரை சதவீத ஸ்லாபில், கமிஷன் 8,970 ரூபாய். கடை மூடுவதற்கு முன் ஒரு வாடிக்கையாளர் வந்து 12,000 ரூபாய்க்கு ஒரு மைக்ரோவேவ் அவன் வாங்குகிறார். மொத்தம் 6,10,000 ஆகிவிடுகிறது. கமிஷன் 12,200. அந்த ஒரு பில்லால் வந்த கூடுதல் 3,230 ரூபாய். அதே அவனை மாத நடுவில், எல்லை எதையும் தொடாத நாளில் விற்றிருந்தால் ஒன்றரை சதவீதப்படி கிடைத்திருப்பது 180 ரூபாய். அடுக்கு முறையில் அதே மாதக் கடைசிப் பில்லுக்கு எவ்வளவு? எல்லையைத் தொட மீதமிருந்த 2,000-க்கு 30 ரூபாய், தாண்டிய 10,000-க்கு 200 ரூபாய், ஆக 230. எல்லை இருந்த இடமே தெரியாமல் கணக்கு நகர்ந்துவிடுகிறது.

நம் வீட்டு மின்கட்டணத்தில் இந்த இரண்டு குணமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும்வரை அடுக்கு அடுக்காகக் கட்டணம் ஏறும். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையே மாறிவிடும். ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது ஏசி ரிமோட்டை ஒளித்துவைக்கும் வீடுகளுக்கு அந்த 501-வது யூனிட்டின் விலை நன்றாகவே தெரியும். விற்பனையாளர் நிற்பதும் அதே விளிம்பில்தான். அவருக்கு மட்டும் தாண்டினால் லாபம்.

விளிம்பு இவ்வளவு செங்குத்தாக இருந்தால் மனிதர்கள் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. 3,000 ரூபாய் கண்ணெதிரே இருக்கும்போது யாரும் அப்படித்தான் செய்வார்கள். மாதக் கடைசி நாளில் 'சார், இன்னைக்கே பில் போட்டுக்கிட்டா என் கையிலேர்ந்து 1,500 குறைச்சுத் தரேன்' என்று ஒரு விற்பனையாளர் சொல்வதைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். ஆள் ஏமாற்றுகிறார் என்று தோன்றியிருக்கலாம். பெரும்பாலும் அவர் சொல்வது நிஜம். 1,500-ஐத் தன் கமிஷனிலிருந்து விட்டுக்கொடுத்த பிறகும் அவருக்கு 1,730 ரூபாய் மிஞ்சுகிறது, சாதாரண நாளில் வரும் 180-ஐவிட அது எத்தனையோ மடங்கு. அடுத்த நாள், ஒன்றாம் தேதி, அதே பொருளுக்கு அவரால் நூறு ரூபாய்கூடக் குறைக்க முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 29-ம் தேதி ஒருவருடைய மொத்தம் 4,50,000-இல் இருக்கிறது. மிச்சமிருக்கும் நாட்களில் 6 லட்சம் எட்டாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போது 60,000 ரூபாய்க்கு ஒரு டிவி கேட்டு வாடிக்கையாளர் வருகிறார். இந்த மாதம் பில் போட்டால் 900 ரூபாய். இரண்டு நாள் தள்ளி அடுத்த மாதக் கணக்கில் போட்டால், அடுத்த மாதம் 6 லட்சத்தைத் தாண்டும்பட்சத்தில் 1,200 ரூபாய், அதற்கு மேல் அந்த டிவியே எல்லையைத் தாண்டவைத்தால் பல ஆயிரம். ஆகவே 'நீங்க கேட்ட மாடல் ஒன்னாந்தேதிதான் குடோன்லேர்ந்து வரும்' என்ற பதில் பிறக்கிறது. கடைக்காரருக்கோ அந்த வாடிக்கையாளர் இரண்டு நாளில் எதிர்க் கடைக்குப் போய்விடக்கூடும் என்ற ஆபத்து. கமிஷன் திட்டம் எந்த விற்பனையைப் பெருக்க வந்ததோ அதே விற்பனையை அது தள்ளிப்போடுகிறது.

மூன்றாவது வழி இரண்டு சக ஊழியர்களுக்கு நடுவே நடக்கும். ஒருவர் 5,85,000-இல் இருக்கிறார், பக்கத்தில் நிற்பவர் 4,20,000-இல். இரண்டாமவர் 20,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் விற்றார். பில்லில் விற்பனையாளர் பெயர் போடும் இடத்தில் முதலாமவரின் பெயரைப் போடச் சொல்கிறார். விட்டுக்கொடுத்தவருக்கு நஷ்டம் 300 ரூபாய். பெற்றவரின் மொத்தம் 6,05,000 ஆகி, கமிஷன் 8,775-லிருந்து 12,100-க்கு ஏறுகிறது. கூடுதல் 3,325. பிறகு அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடையின் மொத்த விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, கமிஷன் செலவு மட்டும் 3,025 ரூபாய் கூடிவிட்டது. அடுக்கு முறையில் இதே மாற்றத்தால் இருவருக்கும் சேர்ந்து கிடைக்கும் ஆதாயம் 25 ரூபாய். அதற்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒரே நபரின் பில்கள் மாதக் கடைசி இரண்டு நாளில் மட்டும் குவிந்திருந்தாலோ, எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் மொத்தங்கள் ஏராளமாகவும் சற்றுக் கீழே நிற்பவை மிகச் சொற்பமாகவும் இருந்தாலோ, கடையில் இது நடக்கிறது என்று கணக்குப் பிள்ளை புரிந்துகொள்ளலாம்.

எந்த முறை என்பது தெளிவானாலும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. விற்பனை என்றால் எந்தத் தொகை? ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் வரிக்கு முந்தைய மதிப்பு தனியாக இருக்கும், பில்லில் அதை டாக்ஸபிள் வேல்யூ என்று போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டு தொகைகள். கடைசியில் வாடிக்கையாளர் கட்டும் மொத்தம். ஸ்லாபுக்கான விற்பனையாக முதல் தொகையை எடுத்துக்கொள்கிறார்களா, கடைசித் தொகையையா? இதுவரை நான் சொன்ன எண்கள் எல்லாம் வரிக்கு முந்தையவை. ஆனால் வாடிக்கையாளர் கட்டும் தொகையை அப்படியே விற்பனையாகக் கணக்கில் எடுக்கும் கடைகளும் உண்டு, அது ஊழியருக்குச் சாதகம் என்று தோன்றும்.

2025 செப்டம்பரில் அந்தச் சாதகம் தலைகீழாகத் திரும்பியது. அந்த மாதம் 22-ம் தேதி முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வாங்குபவர்களுக்கு நல்ல செய்தி. விற்பவருக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிக்கு முன் 32,000 ரூபாய் விலையுள்ள ஏசி, பழைய வரியில் 40,960 ரூபாய்க்கும் புதிய வரியில் 37,760 ரூபாய்க்கும் பில் ஆகும். மாதத்துக்கு 15 ஏசி விற்பவரின் பில் மொத்தம் முன்பு 6,14,400, இப்போது 5,66,400. உழைப்பு அதேதான், அதே 15 ஏசிதான். ஆனால் பில் மொத்தத்தை வைத்து முழுத்தொகை முறையில் கணக்கிடும் கடையில் அவர் 2 சதவீத ஸ்லாபிலிருந்து ஒன்றரைக்குச் சரிந்துவிடுகிறார். கமிஷன் 12,288-லிருந்து 8,496 ஆகிறது, மாதம் 3,792 ரூபாய் குறைவு. வரி மாறியபோது ஸ்லாப் எல்லைகளையும் அதற்கேற்ப இறக்காத கடையில் இதுதான் நிலைமை. வரிக்கு முந்தைய மதிப்பில் கணக்கிடும் கடையிலோ இரண்டு நிலையிலும் 4,80,000 ரூபாய்தான், கமிஷனில் மாற்றமே இல்லை. வரி என்பது கடைக்கும் சொந்தமில்லாத பணம், அரசுக்குப் போகிற பணம். அதை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு என்பது என் கருத்து.

விற்ற பொருள் திரும்பி வந்தால்? இங்கேதான் சண்டைகள் அதிகம். 6,10,000 ரூபாய் விற்று 12,200 கமிஷன் வாங்கியவரிடம், அடுத்த மாதம் 4-ம் தேதி 28,000 ரூபாய் ஃப்ரிட்ஜ் ஒன்று ரிட்டர்ன் வருகிறது. ஃபைனான்ஸ் கம்பெனி கடனை அனுமதிக்காமல் பில் கேன்சல் ஆவதும் இதே வகைதான். இரண்டு விதமாக இதைக் கழிக்கலாம். ஒன்று, போன மாதக் கணக்கைத் திறந்து மறுபடி போடுவது. 6,10,000-லிருந்து 28,000 போனால் 5,82,000, ஸ்லாப் ஒன்றரைக்கு இறங்குகிறது, கமிஷன் 8,730. ஆகவே 3,470 ரூபாயைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொன்று, இந்த மாத விற்பனையிலிருந்து 28,000-ஐக் கழிப்பது. இந்த மாதம் அவர் 7,40,000 விற்றால் அது 7,12,000 ஆகும், இரண்டும் 2 சதவீத ஸ்லாபுக்குள்ளேயே இருப்பதால் இழப்பு 560 ரூபாய் மட்டும். ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே ரிட்டர்ன், பிடித்தம் 3,470 அல்லது 560. அடுக்கு முறையில் போன மாதத்தைத் திறந்தால் 470, இந்த மாதத்தில் கழித்தால் 560, எப்படிச் செய்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ரிட்டர்ன் எந்த மாதத்தில் கழியும், எத்தனை நாளுக்குப் பிறகு வரும் ரிட்டர்ன் ஊழியரைப் பாதிக்காது என்பது எழுத்தில் இல்லாத கடையில், சம்பள நாள்தோறும் அக்கவுண்ட்ஸ் அறையின் வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

விற்பனைத் தேதியும் இதேபோலத்தான். பில் போட்ட நாளா, பொருள் டெலிவரி ஆன நாளா, பணம் முழுசாக வந்த நாளா? 30-ம் தேதி பில், 2-ம் தேதி டெலிவரி என்று போகும் பொருள் எந்த மாதக் கணக்கு என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். இதில் எதை வைத்தாலும் நியாயம்தான், மாதா மாதம் மாற்றாமல் இருந்தால் சரி.

இந்தக் கணக்கைக் கையால் போடுவதைவிட ஃபோனிலேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுவைத்துக்கொள்வது நல்லது. மாத விற்பனை A1 கட்டத்தில் இருந்தால், முழுத்தொகை முறைக்கு இது போதும்:

```
=A1*IF(A1>1000000,2.5%,IF(A1>600000,2%,IF(A1>300000,1.5%,1%)))
```

பெரிய எல்லையிலிருந்து சிறிய எல்லைக்கு இறங்கி வந்து சோதிக்க வேண்டும். 3 லட்சத்தை முதலில் சோதித்தால் 12 லட்சம் விற்றவரும் 3 லட்சத்தைத் தாண்டியவர்தானே என்று அங்கேயே நின்று ஒன்றரை சதவீதம் கொடுத்துவிடும். நன்றாக விற்கிற அத்தனை பேருக்கும் ஒரே விகிதம் வருகிறது என்றால் தவறு இந்த வரிசையில்தான். இன்னொன்று, சரியாக 6,00,000-இல் நிற்கும் மொத்தம். முழுத்தொகை முறையில் '6 லட்சம் வரை' ஒன்றரை என்றால் 9,000, '6 லட்சம் முதல்' 2 என்றால் 12,000. ஒரு சின்னச் சொல்லுக்கு 3,000 ரூபாய் மதிப்பு. மேலே உள்ள சூத்திரம் முதல் பொருளில் எழுதப்பட்டது. அடுக்கு முறைக்கான சூத்திரத்தில் இந்தத் தொல்லையே கிடையாது:

```
=A1*1%+MAX(0,A1-300000)*0.5%+MAX(0,A1-600000)*0.5%+MAX(0,A1-1000000)*0.5%
```

எல்லாத் தொகைக்கும் 1 சதவீதம், பிறகு ஒவ்வொரு எல்லைக்கும் மேல் இருக்கும் தொகைக்கு அரை சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். 6,10,000-ஐப் போட்டால் 6,100, 1,550, 50 என்று சேர்ந்து அதே 7,700 வரும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் முழுத்தொகை முறையைக் கடைகள் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது சொல்வதற்கு எளிது, கேட்பதற்கு இனிப்பு. 'ஆறு லட்சம் அடி, ரெண்டு பர்சென்ட் வாங்கிக்கோ' என்று காலைக் கூட்டத்தில் ஃப்ளோர் மேனேஜர் சொன்னால் எல்லோருக்கும் புரியும். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர் உயிரைக் கொடுத்து விற்பார் என்பதும் உண்மை. ஆனால் எல்லையிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கு அதில் எந்தத் தூண்டுதலும் இல்லை. 20-ம் தேதி 6,20,000-இல் இருப்பவருக்கு 10 லட்சம் எட்டாக்கனி, ஆகவே கடைசிப் பத்து நாள் அவருக்கு ஓய்வு மாதிரி. விளிம்பில் இருக்கும் ஓரிருவருக்காகத்தான் திட்டம் வேலை செய்கிறது.

ஊழியர்களின் வருமானத்தைப் பெரிதாகக் குறைக்காமலேயே இந்த விளிம்பை மழுங்கடிக்க வழி இருக்கிறது. அடுக்கு முறைக்கு மாறி, விகிதங்களைக் கூட்டினால் போதும். முதல் 3 லட்சத்துக்கு 1 சதவீதம், அடுத்த 3 லட்சத்துக்கு 2, அடுத்த 4 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 4 என்று வைத்துப் பாருங்கள். 5,98,000 விற்றவருக்கு 8,960 ரூபாய் வரும், பழைய முழுத்தொகை முறையில் வந்தது 8,970. 8 லட்சம் விற்றவருக்கு 15,000, பழையதில் 16,000. 10 லட்சத்தில் 21,000, பழையதில் 20,000. 12 லட்சத்தில் 29,000, பழையதில் 30,000. ஏறக்குறைய அதே செலவு. எல்லையை இப்போதுதான் தாண்டியவருக்கு மட்டும் உண்மையிலேயே குறைகிறது. 6,10,000 விற்றவருக்கு 12,200-க்குப் பதில் 9,300. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஈடாக, 6 லட்சத்தைத் தாண்டிய பிறகு விற்கும் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் 300 ரூபாய் நிச்சயம், அது 12-ம் தேதியானாலும் 30-ம் தேதியானாலும். பில்லைத் தள்ளிப்போடவும் பெயரை மாற்றிப் போடவும் பெரிதாக எதுவும் கிடைக்காது. கடைசி நாள் சாயங்காலமும் மற்ற நாட்களைப் போலவே போகும்.

அரசு விதிகளில் கமிஷன் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊழியராக இருப்பவர் வாங்கும் கமிஷன் வருமான வரிக்குச் சம்பளமாகவே கருதப்படும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, கமிஷனை ஊதியம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. ஆனால் இப்படி வெளியே வைக்கப்படும் படிகளும் கமிஷனும் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து மீதியையெல்லாம் கமிஷனாகக் கொடுக்கும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

கடைசியாக ஒரு விஷயம், வேலைக்குச் சேரும்போது யாரும் கேட்பதில்லை, விலகும்போதுதான் நினைவுக்கு வருகிறது. 30 நாள் மாதத்தில் ஒருவர் 18-ம் தேதியோடு வேலையை விடுகிறார். அதுவரை 3,70,000 ரூபாய் விற்றிருக்கிறார். ஸ்லாப் எல்லைகளை அப்படியே வைத்தால் அவர் ஒன்றரை சதவீதத்தில் இருக்கிறார், முழுத்தொகை முறையில் 5,550 ரூபாய். ஆனால் எல்லைகள் முழு மாதத்துக்கானவை, அவர் வேலை பார்த்ததோ 18 நாள். 6 லட்சம் என்ற எல்லையை 18 நாளுக்குச் சுருக்கினால் 3,60,000 ஆகும், அதை அவர் தாண்டிவிட்டார். அப்படிப் பார்த்தால் 2 சதவீதம், 7,400 ரூபாய். மாத நடுவில் சேர்ந்தவருக்கும், உடம்பு சரியில்லாமல் பத்து நாள் விடுப்பில் இருந்தவருக்கும் இதே கேள்வி வரும். எல்லை நாளுக்கேற்பச் சுருங்குமா, சுருங்காதா என்று கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க ஏற்ற நேரம், கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய ஐந்து நிமிஷம்தான்.